தரநிலை, டேட்டாஷீட் வரிகளை ரிப்போர்ட்டில் எப்படிக் கையாள்வது?

“ஒரு கன்ட்ரோல் பாக்ஸுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் எழுதுகிறேன். ஐபி67 பற்றிய தரநிலையிலிருந்தும் 7805 ரெகுலேட்டரின் டேட்டாஷீட்டிலிருந்தும் சில பத்திகளை அப்படியே போட்டிருந்தேன். ஒற்றுமை பார்க்கும் மென்பொருள் 38 சதவீதம் காட்டுகிறது. ‘சொந்த நடையில் மாற்றி எழுது’ என்கிறார் மேலாளர். தரநிலையின் வார்த்தையை மாற்றினால் அர்த்தமே மாறிவிடாதா? எவ்வளவு மாற்றினால் போதும்?”

அர்த்தம் மாறத்தான் செய்யும், உங்கள் பயம் சரியானதே. அதனால் மாற்றி எழுதவே வேண்டாம். அந்தப் பத்தியை முழுதாக எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன அளந்தீர்கள், எந்தப் பிரிவின்படி என்று எழுதுங்கள். தரநிலை என்ன சொல்கிறது என்று திரும்பச் சொல்வது டெஸ்ட் ரிப்போர்ட்டின் வேலை இல்லை. வாடிக்கையாளரோ சான்றளிப்பவரோ தரநிலையைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் ரிப்போர்ட்டைப் படிக்கிறார். அவருக்கு வேண்டியது உங்கள் பெட்டியைப் பற்றிய தகவல்.

சட்டத்தில் உறுதியான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமை ஒரு விஷயம் சொல்லப்பட்ட விதத்தைக் காக்கிறது, விஷயத்தைக் காப்பதில்லை. உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் ஒப்பந்தம் 9ஆவது பிரிவில் இதை நேராகவே சொல்கிறது: கருத்து, செயல்முறை, இயக்கும் முறை, கணிதக் கருத்து ஆகியவற்றுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை. ஆகவே 30 நிமிடம், 1000 மில்லிமீட்டர் போன்ற எண்களும், ஒரு சோதனையின் முறையும், வெப்பக் கணக்கின் சூத்திரமும் யாரும் எடுத்தாளக்கூடியவை. அந்த எண்களைச் சுற்றித் தரநிலைக் குழு எழுதிய வாக்கியங்கள், வரைந்த படங்கள், தொகுத்த விளக்கங்கள் அப்படியல்ல. இத்தனை சதவீதம் வரை எடுக்கலாம், இத்தனை சொல் மாற்றினால் தப்பிக்கலாம் என்று பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. வாக்கியத்தின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு மூன்று சொல்லுக்கு ஒரு சொல் மாற்றினால், அது இன்னும் அவர்களுடைய வாக்கியம்தான். இப்போது அதில் பிழையும் சேர்ந்திருக்கும், அவ்வளவே.

பிழை எப்படிச் சேர்கிறது என்பதற்கு உங்கள் ஐபி67 சோதனையே நல்ல உதாரணம். ஐஇசி 60529 தரநிலையில் நீரில் மூழ்கடிக்கும் சோதனை 14.2.7ஆம் பிரிவில் இருக்கிறது. “சொந்த நடையில்” எழுதச் சொன்னால் பெரும்பாலும் வரும் வாக்கியம் இது: “பெட்டியை 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வைத்து, உள்ளே தண்ணீர் புகவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் மூன்று ஓட்டைகள் உள்ளன.

முதல் ஓட்டை ஆழம். 1 மீட்டர் என்பது எதிலிருந்து எதுவரை? உயரம் 850 மில்லிமீட்டருக்குக் குறைந்த பெட்டி என்றால், அதன் அடிப்புள்ளி நீர்மட்டத்துக்கு 1000 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். 850 அல்லது அதற்கு மேல் என்றால் கணக்கே வேறு, மேல்புள்ளி நீர்மட்டத்துக்கு 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். உங்கள் பெட்டி 120 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். சரியாக வைத்தால் அதன் மேல்பக்கம் 880 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும். “1 மீட்டர் ஆழத் தண்ணீர்” என்பதை மட்டும் படித்த ஒருவர் 1 மீட்டர் ஆழத் தொட்டியில் 50 மில்லிமீட்டர் ஸ்டாண்டின் மேல் பெட்டியை வைப்பார். அடிப்பகுதி 950 மில்லிமீட்டரில்தான் இருக்கும், சோதனை செல்லாது. இன்னொருவர் மேல்பக்கத்தை 1 மீட்டர் ஆழத்தில் வைப்பார். அது தேவைக்கு மேல் கடுமையான சோதனை, அதில் பெட்டி தோற்றால் காரணம் தேடி அலைவீர்கள்.

இரண்டாவது, வெப்பநிலை. தண்ணீருக்கும் பெட்டிக்கும் இடையிலான வித்தியாசம் 5 கெல்வினுக்கு மேல் போகக்கூடாது என்ற நிபந்தனை அந்த வாக்கியத்தில் காணாமல் போய்விட்டது. இது அலங்காரத்துக்குப் போட்ட நிபந்தனை இல்லை. சூடான பெட்டியைக் குளிர்ந்த நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலின் வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும்.

மூன்றாவது ஓட்டைதான் மோசமானது. “தண்ணீர் புகவே கூடாது” என்று தரநிலை சொல்லவில்லை. தீங்கு விளைவிக்கும் அளவுக்குப் புகக்கூடாது என்பதே நிபந்தனை. புகுந்த நீர் இயக்கத்தைக் கெடுக்கிறதா, மின்சாரம் உள்ள பாகங்களை எட்டுகிறதா, கேபிள் முனை அருகே தேங்குகிறதா என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது. நீங்கள் “புகக்கூடாது” என்று எழுதிவிட்டு உள்ளே இரண்டு சொட்டு கண்டால், உங்கள் ரிப்போர்ட்டே உங்கள் பெட்டியைத் தோற்கடித்துவிடும்.

இப்போது அதே இடத்தில் ரிப்போர்ட் எப்படி இருக்கலாம் என்று பாருங்கள். “மாதிரி 2, உயரம் 120 மி.மீ. பயன்பாட்டு நிலையிலேயே நிறுத்தி, அடிப்புள்ளி நீர்மட்டத்துக்கு 1000 மி.மீ. கீழே வருமாறு முழுதும் மூழ்கடிக்கப்பட்டது. நீர் 24.1 °C, பெட்டி 26.3 °C, வித்தியாசம் 2.2 கெல்வின். 10:42 முதல் 11:12 வரை, 30 நிமிடம். வெளிப்புறம் துடைத்தபின் திறந்து பார்த்ததில் உள்ளே ஈரம் தென்படவில்லை. முறையும் ஏற்பு நிபந்தனையும்: கீழே குறித்த பதிப்பின் 14.2.7, 14.3.” இதில் தரநிலையின் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் தரநிலை கேட்கும் எல்லாத் தகவலும் இருக்கிறது, படிப்பவர் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். பதிப்பை முழுதாக இப்படிக் குறிக்க வேண்டும்:

```
IEC 60529:1989+AMD1:1999+AMD2:2013
```

ஆண்டும் திருத்தமும் இல்லாமல் வெறும் எண்ணை எழுதினால், நாளை திருத்தம் வரும்போது நீங்கள் எதன்படி சோதித்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

இதை எழுதும் வழி எளிது. தரநிலையைத் திறந்து வைத்துக்கொண்டு ரிப்போர்ட் எழுதாதீர்கள். சோதனைக்கு முன்பே ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பிரிவு எண், அது கேட்கும் அளவு அல்லது நிபந்தனை, நாம் அளந்தது, எந்தக் கருவியால் அளந்தது. இரண்டாவது கட்டத்தில் வாக்கியம் வேண்டாம், எண்ணும் இரண்டொரு சொல்லும் போதும்: “அடி 1000 மி.மீ.”, “வித்தியாசம் 5 கெ வரை”. பிறகு அந்தத் தாளிலிருந்து ரிப்போர்ட்டை எழுதுங்கள். எழுதி முடித்தபின் மறுபடி தரநிலையைத் திறந்து, நிபந்தனை எதுவும் விட்டுப்போயிற்றா என்று மட்டும் பாருங்கள். இந்தக் கடைசிச் சரிபார்ப்பைத் தவிர்த்தால்தான் மேலே சொன்ன 5 கெல்வின் போன்றவை நழுவும்.

ஒட்டி வந்த வரி எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, உங்கள் பொருளின் பெயரை எடுத்துவிட்டு வேறெந்தப் பொருளின் பெயரைப் போட்டாலும் வாக்கியம் அப்படியே பொருந்தினால், அது உங்கள் சோதனையைப் பற்றிய வாக்கியம் இல்லை, எங்கிருந்தோ வந்தது. இன்னொன்று, “அட்டவணை 3 பார்க்க” என்றிருக்கும், உங்கள் ரிப்போர்ட்டில் அட்டவணை 3 என்று ஒன்றே இருக்காது. இது சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் சரிபார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது இதுதான்.

சரியான சொல்லே தேவைப்படும் இடங்களும் உண்டு. ஒரு கலைச்சொல்லின் வரையறை, ஏற்பு நிபந்தனை, இரு தரப்பும் வேறு வேறாகப் பொருள்கொள்ளும் ஒரு வரி, இந்த மூன்றையும் உங்கள் நடையில் சொல்ல முயலக்கூடாது. ஆங்கிலத் தரநிலையில் “ஷால்” என்றிருந்தால் கட்டாயம், “ஷுட்” என்றிருந்தால் பரிந்துரை, “மே” என்றிருந்தால் அனுமதி. ஐஎஸ்ஓ, ஐஇசி இரண்டும் தங்கள் வரைவு விதிகளிலேயே இதை வகுத்து வைத்திருக்கின்றன. நடை அழகுக்காக ஒன்றை இன்னொன்றாக மாற்றினால் தேவையே மாறிவிடும். இந்த இடங்களில் அந்த ஒரு வரியை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டு, பிரிவு எண் தந்து, உடனே அதன்மேல் உங்கள் கருத்தை எழுதுங்கள். பதிப்புரிமைக்கான பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கையின் 10ஆவது பிரிவு மேற்கோளுக்கு இடம் தருகிறது. நோக்கத்துக்குத் தேவையான அளவு இருக்க வேண்டும், நியாயமான வழக்கத்துக்கு ஒத்திருக்க வேண்டும், மூலத்தைச் சொல்ல வேண்டும். மேற்கோளுக்கு அடுத்து அதைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை என்றால், அந்த மேற்கோள் அங்கே தேவையில்லை.

இனி டேட்டாஷீட். அதன் முதல் பக்கத்துச் சிறப்பம்சப் பட்டியலைத்தான் எல்லோரும் ஒட்டுகிறார்கள். விற்பனைக்காக எழுதியது அது, உங்கள் ரிப்போர்ட்டில் அதற்கு வேலையே இல்லை. உங்கள் சர்க்யூட்டில் 7805 என்ன செய்கிறது என்பதைக் கணக்காக எழுதினால் போதும். உள்ளீடு 12 வோல்ட், வெளியீடு 5 வோல்ட், மின்னோட்டம் 0.2 ஆம்பியர் என்றால் ரெகுலேட்டரில் வெப்பமாகப் போவது 7 × 0.2, அதாவது 1.4 வாட். சில்லு தன் சொந்தச் செலவுக்கு எடுக்கும் சில மில்லி ஆம்பியரை இங்கே விட்டுவிடுகிறேன். ஹீட்சிங்க் இல்லை, பெட்டிக்குள் 40 °C. ஜங்ஷன் வெப்பநிலை:

```
Tj = Ta + P × RθJA
```

இதில் கடைசி எண், ஜங்ஷனிலிருந்து சுற்றுக் காற்றுக்கான வெப்பத் தடை, டேட்டாஷீட்டிலிருந்து வருகிறது. 7805 என்ற பெயரில் பல நிறுவனங்கள் சில்லு செய்கின்றன. ஒரே டிஓ-220 உறைக்கு ஒருவர் வாட்டுக்கு 50 °C என்று தருகிறார், இன்னொருவர் 65 °C என்று தருகிறார். 50 என்றால் 40 + 70, அதாவது 110 °C. 125 °C வரம்புக்குள் நிற்கிறது. 65 என்றால் 40 + 91, அதாவது 131 °C, வரம்பைத் தாண்டிவிட்டது. ஒரே சர்க்யூட், ஒரே பெயர் கொண்ட சில்லு, எதிரெதிர் முடிவுகள். ஆகவே எண்ணை எடுப்பதில் தவறில்லை, ஆனால் யாருடைய எண் என்று சொல்லாமல் எடுப்பது பொறியியல் தவறு. தயாரிப்பாளர், முழுப் பாக எண், டேட்டாஷீட்டின் ஆவண எண், ரிவிஷன், அட்டவணை எண், இவை எல்லாம் எண்ணோடு சேர்ந்தே வர வேண்டும். இணைய முகவரி மட்டும் போதாது. அதே முகவரியில் அடுத்த ரிவிஷன் வந்து உட்கார்ந்துவிடும்.

நிபந்தனையும் அப்படித்தான். 7805இன் வெளியீடு 4.8 முதல் 5.2 வோல்ட் என்பது ஜங்ஷன் 25 °C இல் இருக்கும்போது. மின்னோட்டமும் வெப்பநிலையும் மாறும் முழு எல்லைக்கும் 4.75 முதல் 5.25 என்று இன்னொரு வரி இருக்கும். 110 °C இல் ஓடும் சில்லுக்கு முதல் வரியை எடுத்துப் போட்டால் அது திருட்டு ஆகாது, ஆனால் தவறு. நடுவில் இருக்கும் “டிபிகல்” கட்டத்து எண்ணை உத்தரவாதம் போல எழுதுவதும் இதே வகைதான்.

வரைபடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டேட்டாஷீட்டின் வளைவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் பிரதி. அதன்மேல் கோடிழுத்து அப்படியே வரைந்தாலும் பிரதிக்கு நெருக்கமானதுதான், மென்பொருள் கண்டுபிடிக்காது என்பது மட்டுமே வித்தியாசம். உங்களுக்குத் தேவை பெரும்பாலும் வளைவின் ஒரே புள்ளிதான். அதைப் படித்து, “படத்திலிருந்து கண்ணால் வாசித்த மதிப்பு, தோராயம்” என்று குறித்து எழுதுங்கள். முழு வளைவும் வேண்டுமென்றால், உங்கள் மாதிரியை ஐந்தாறு இடங்களில் அளந்து சொந்த வரைபடம் போடுங்கள். ரிப்போர்ட்டுக்கும் அதுதான் மதிப்பு. மாதிரி சர்க்யூட் படத்தை உங்கள் மென்பொருளில், உங்கள் பாக எண்களோடும் உண்மையில் பொருத்திய மதிப்புகளோடும் வரையலாம். எந்தப் படத்தை ஒட்டியது என்று ஒரு வரி சேருங்கள். சில தயாரிப்பாளர்கள் டேட்டாஷீட்டின் கடைசிப் பக்கத்தில், பிரதி எடுத்தால் மாற்றமில்லாமல், எச்சரிக்கைகளோடு சேர்த்தே எடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருப்பார்கள். அங்கே பாதிப் படத்தை வெட்டி ஒட்டுவது முழுதாக ஒட்டுவதைவிடப் பெரிய மீறல். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை, நீங்கள் படியுங்கள்.

மேனுவல்களில் எச்சரிக்கைகளில் மட்டும் கவனம் வேண்டும். படிகளின் வரிசையும் முறுக்கு விசை அளவும் தகவல்கள், உங்கள் வேலைக்கு ஏற்ப எழுதிக்கொள்ளலாம். “மின்சாரத்தைத் துண்டித்து ஐந்து நிமிடம் காத்திருக்கவும்” போன்ற எச்சரிக்கையில் அந்த ஐந்து நிமிடம் கெப்பாசிட்டர் வடிவதற்காக இருக்கும். சுருக்கி எழுதும்போது முதலில் பலியாவது அதுதான். அதனால் எச்சரிக்கைகளுக்கு மேனுவலின் ஆவண எண், ரிவிஷன், பக்கம் ஆகியவற்றைச் சுட்டி, அதைப் படிக்காமல் வேலை தொடங்கக்கூடாது என்று எழுதுவது நல்லது.

பதிப்புரிமைக்கு அப்பால் இன்னும் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. தரநிலையை வாங்கும்போது வரும் உரிமம் ஒன்று. பல பிடிஎஃப்களில் வாங்கியவர் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் அச்சாகியிருக்கும், ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம் என்றிருக்கும். அந்தப் பக்கங்களை இணைப்பாகச் சேர்த்து வாடிக்கையாளருக்கு அனுப்பினால், மேற்கோள் விதி உங்களைக் காப்பாற்றாது. இரண்டாவது ரகசிய ஒப்பந்தம். அடிக்குறிப்பில் “ரகசியம்” என்று போட்டு வந்த டேட்டாஷீட்டின் எண்களுக்குப் பதிப்புரிமை இல்லாவிட்டாலும், அவற்றை வெளியே சொல்லமாட்டேன் என்று உங்கள் நிறுவனம் கையெழுத்திட்டிருக்கலாம். அங்கே என்ன நடையில் எழுதினாலும் மீறல்தான். அனுமதி கேட்டு எழுதுவது ஒன்றே வழி.

தெளிவாகச் சொல்ல முடியாத இடங்களும் உள்ளன. ஓர் அட்டவணையிலிருந்து இரண்டு வரி எடுப்பது தகவல் எடுப்பது. நாற்பது வரி அட்டவணையை முழுதாக எடுத்தால், தேர்வும் அடுக்கும் அவர்களுடையவை என்ற வாதம் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தரவுத்தளங்களுக்கென்றே 1996ஆம் ஆண்டு ஆணையின்படி தனி உரிமையும் இருக்கிறது. சட்டமே கட்டாயமாக்கிய தரநிலைகளைப் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்க முடிய வேண்டுமா என்பதில் அமெரிக்காவில் 2023இலும் ஐரோப்பிய நீதிமன்றத்தில் 2024இலும் திறந்த அணுகலுக்குச் சாதகமாகத் தீர்ப்புகள் வந்தன. ஆனால் படிக்கக் கிடைப்பது வேறு, உங்கள் விற்பனை ரிப்போர்ட்டில் பக்கம் பக்கமாகப் பதிப்பது வேறு. அந்தத் தீர்ப்புகளைக் காட்டி இதைச் செய்யாதீர்கள். நான் சொல்வது பொறியாளர் பார்வை. பெரிய அட்டவணையோ படமோ தவிர்க்க முடியாது என்றால், உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள், அல்லது வெளியீட்டாளருக்கே எழுதுங்கள். பக்க எண், பிரதிகளின் எண்ணிக்கை, யாருக்குப் போகிறது என்று குறிப்பாகக் கேட்டால் பதில் வருவது எளிது.

அந்த 38 சதவீதத்தை அப்படியே நம்பவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். மென்பொருள் நிறம் காட்டிய வரிகளைத் திறந்து பாருங்கள். தரநிலையின் பெயர், பிரிவுத் தலைப்பு, அலகுகள், பாக எண், உங்கள் நிறுவனத்தின் பழைய ரிப்போர்ட்டிலிருந்து வரும் முன்பக்க வரிகள் ஆகியவற்றை விட்டுவிடுங்கள், அவை மாறக்கூடாதவை. சதவீதத்தைக் குறைக்க யாராவது தரநிலையின் பெயரைச் சுருக்கியிருந்தால் முழுப் பெயரையும் திரும்பப் போடுங்கள். மிச்சமிருக்கும் முழு வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அங்கே நீங்கள் அளந்த எண் ஏதாவது உண்டா என்று தேடுங்கள். எண் இருந்தால் அதை வைத்து வாக்கியத்தைப் புதிதாக எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த வரியை அழித்துவிட்டுப் பிரிவு எண்ணை மட்டும் வையுங்கள்.